அக்காவின் கடைசி மாதக் கணக்கு

2016-இல் அப்பா இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்த மாலை. கூடத்தில் உறவுக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அப்பாவைப் பதினான்கு மாதம் கூடவே இருந்து பார்த்துக்கொண்ட அந்த அம்மா, துணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார். தம்பி ஒரு கவரை அவர் கையில் கொடுத்தான். அவர் அதைப் பிரிக்கவில்லை. கொஞ்சம் தயங்கிவிட்டு, "இந்த மாசச் சம்பளமும் இதுலதானா தம்பி?" என்று கேட்டார். தம்பி, "எல்லாம் அதுலதாம்மா இருக்கு" என்றான். கவரில் இருந்தது 5,000 ரூபாய். அதில் சம்பளம் எவ்வளவு, அன்பளிப்பு எவ்வளவு என்று கொடுத்த எங்களுக்கே தெரியாது. அப்பா இறந்த அன்றைக்கே அவருக்கு வேலையும், தங்கியிருந்த இடமும், மூன்று வேளைச் சாப்பாடும் போய்விட்டன. அதை எங்களில் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. எங்கள் துக்கத்தில் நாங்கள் இருந்தோம்.

இத்தனை பேர் முன்னால் கூலியைக் கேட்க வேண்டிய நிலைக்கு ஒருவரைக் கொண்டுபோய் நிறுத்தினோம் என்பது பின்னாளில்தான் உறைத்தது. அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேலைக்கு வந்து, நாங்கள் அக்கா என்று கூப்பிட்டவரை 2024-இல் நிறுத்த வேண்டி வந்தபோது அந்த மாலைதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. இந்தத் தடவை என்ன செய்தேன், எங்கே தடுமாறினேன் என்று எழுதி வைக்கிறேன். இதே நிலையில் இருப்பவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் செயலிழந்தது. அக்கா எங்கள் ஸ்ரீரங்கம் வீட்டுக்கு வந்தது 2019 ஆகஸ்ட் 5. முசிறிப் பக்கத்து ஊர். வீட்டோடு தங்கி வேலை. மாதத்தில் இரண்டு ஞாயிறு ஊருக்குப் போய் வருவார். கடைசியாக வாங்கிய சம்பளம் 18,000 ரூபாய். தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம். 2023 ஜூலையில் மகள் படிப்புக்காக 30,000 ரூபாய் முன்பணம் வாங்கி, மாதம் 2,000 ரூபாய் கழித்துக்கொண்டு வந்தோம். இவ்வளவும் வாய்ப்பேச்சு. ஒன்றும் எழுதி வைக்கவில்லை.

நான் வங்கியில் வேலை பார்க்கிறேன். 2024 பிப்ரவரி கடைசியில் ஹைதராபாத்துக்கு மாற்றல் வந்தது. அம்மாவைக் கோயம்புத்தூரில் தம்பி வீட்டுக்குக் கொண்டுபோவது என்று நானும் தம்பியும் போனில் பேசி முடிவு செய்தோம். தம்பி, "அக்காகிட்ட இப்ப சொல்லாத. சொன்னா வேற வேலை தேடிக்கிட்டுப் பாதியில போயிடுவாங்க. போறதுக்கு ஒரு வாரம் முன்னாடி சொல்லிக்கலாம்" என்றான். பல வீடுகளில் இதுதான் நடக்கிறது. அந்தப் பயத்திலும் கொஞ்சம் நியாயம் உண்டு. இடையில் அக்கா போய்விட்டால் ராத்திரி இரண்டு மணிக்கு அம்மாவைத் திருப்பிப் படுக்கவைக்க ஆள் கிடையாது. ஆனால் எனக்கு மாற்றல் உத்தரவு கையில் கிடைத்து, போய்ச் சேர அவகாசமும் கிடைத்திருக்கிறது. அதே அவகாசத்தை அக்காவுக்குக் கொடுக்காமல் வைத்துக்கொள்வது எப்படி? கடைசி நாள் ஏப்ரல் 20 என்று முடிவுசெய்தோம். மார்ச் 5 செவ்வாய்க்கிழமை அக்காவிடம் சொன்னேன். நாற்பத்தாறு நாள்.

அதற்கு முன்னால் ஒரு கேள்வி இருந்தது: அக்காவையும் கோயம்புத்தூருக்குக் கூப்பிடலாமே? கூப்பிட்டாலும் வரமாட்டார் என்று நாங்களாகவே முடிவுகட்டியிருந்தோம். சொல்வதற்கு முதல் நாள் ராத்திரிதான் அது தப்பு என்று தோன்றியது. தம்பியிடம் பேசி, அவர் வருவதானால் அதே சம்பளத்துக்குச் சம்மதமா என்று கேட்டுக்கொண்டேன். சம்மதம் என்றான்.

சொல்வதற்கு மதியம் இரண்டரை மணியைத் தேர்ந்தெடுத்தேன். அம்மா தூங்கும் நேரம், அக்காவுக்கும் கொஞ்சம் ஓய்வு. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குக் கிளம்பும்போது சொல்லியிருந்தால் அந்த விடுமுறையே வீணாகியிருக்கும். அக்கா எப்போதும் தரையில்தான் உட்காருவார். அன்றைக்கு நானும் தரையில் உட்கார்ந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று நாலு நாளாக யோசித்து வைத்த முன்னுரையை எல்லாம் விட்டுவிட்டு நேராகச் சொன்னேன்.

"அக்கா, எனக்கு ஹைதராபாத் மாத்தல் வந்திருக்கு. அம்மாவத் தம்பி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம். இந்த வீட்டுல உங்க வேலை ஏப்ரல் 20-ஆம் தேதியோட முடியுது. நீங்களும் கோயம்புத்தூர் வர்றதா இருந்தா இதே சம்பளம், தம்பி சம்மதிச்சிருக்கான். வர முடியாதுன்னாலும் அதுல வருத்தம் இல்ல."

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்ட முதல் கேள்வி, "நான் எதாச்சும் தப்புப் பண்ணிட்டேனா தங்கச்சி?"

நான்கரை வருஷம் ஒரு குறை சொன்னதில்லை. அப்படியும் அந்தக் கேள்விதான் முதலில் வந்தது. இல்லை என்று தலையாட்டினால் மட்டும் போதாது என்று அப்போது புரிந்தது. காரணத்தை இன்னொரு தடவை தெளிவாகச் சொன்னேன். மாற்றல் உத்தரவையும் எடுத்துக் காட்டினேன். அவருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. ஆனாலும் அந்தக் காகிதத்தைப் பார்த்ததில் ஒரு நிம்மதி இருந்தது. இரண்டாவது கேள்வி, "அங்க யாரு அம்மாவத் திருப்புவாங்க?" சம்பளத்தைப் பற்றி அன்றைக்கு அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கோயம்புத்தூருக்கு வர முடியாது என்பதை மறுநாள் சொன்னார். மருமகள் பேறுகாலத்துக்கு ஊருக்குப் பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

அவர் கேட்கவில்லை என்பதற்காக நானும் பணப்பேச்சைத் தள்ளிப்போடவில்லை. கேட்கக் கூச்சப்படுகிறவரிடம் நாமாகச் சொல்லாமல் இருந்தால், கடைசி நாள் வாசலில் அந்தக் கேள்வி வந்து நிற்கும். ஒரு தாள் எழுதி வைத்திருந்தேன். தமிழில், பெரிய எழுத்தில். அக்காவுக்கு மெதுவாகப் படிக்க வரும். நானும் கூடவே வாசித்தேன். அது இவ்வளவுதான்:

"2019 ஆகஸ்ட் 5 முதல் எங்கள் அம்மாவைப் பார்த்துக்கொண்டு வரும் உங்கள் வேலை 2024 ஏப்ரல் 20 அன்று முடிகிறது. காரணம், எனக்கு வந்த பணிமாற்றல். உங்கள் வேலையில் எந்தக் குறையும் இல்லை. ஏப்ரல் 20-க்கு முன்பே நாங்கள் உங்களைப் போகச் சொன்னாலும் அந்தத் தேதி வரையிலான சம்பளம் தருவோம். நீங்களாக முன்னால் போக வேண்டி வந்தால் ஒரு வாரம் முன்பு சொன்னால் போதும்; வேலை செய்த நாள் வரை சம்பளம், மற்ற தொகைகளில் மாற்றம் இல்லை. புது வேலை தேடிப் போக இரண்டு நாள் சம்பளத்தோடு விடுப்பு. மொத்தக் கணக்கை எழுதி, கடைசி நாளுக்கு முன்பே பணத்தைத் தருவோம்."

இதில் நான் அதிகம் யோசித்தது நடுவில் இருக்கும் இரண்டு வரிகளைத்தான். கடைசி நாள் என்று ஒரு தேதியைச் சொல்லிவிடுகிறோம். ஆனால் அது எங்கள் வசதிக்கு முன்னால் வந்தால் நஷ்டம் யாருக்கு, அக்கா வசதிக்கு முன்னால் வந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்வதில்லை. அதைச் சொல்லாத தேதிக்கு அர்த்தமில்லை. தம்பி பயந்தானே, பாதியில் போய்விடுவார் என்று? ஒருவரைப் பாதியில் போகவைப்பது, இருந்து முடித்தால் என்ன கிடைக்கும் என்று தெரியாத நிலைதான். இருந்தாலும் போனாலும் தன் பணம் தனக்கு வரும் என்று எழுத்தில் இருந்ததால் அக்கா ஒரு நாள்கூட அவசரப்படவில்லை.

கையெழுத்து அன்றைக்கு வாங்கவில்லை. தாளைப் போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்பச் சொன்னேன். மகள் படித்துவிட்டு ராத்திரி போனில் கேட்ட கேள்விகள்தான் உண்மையான கேள்விகள்: முன்பணம் பாக்கியைக் கழிப்பீர்களா, தீபாவளிக்குக் கொடுப்பது இந்த வருஷம் உண்டா, போகாத ஞாயிறுகளுக்கு என்ன கணக்கு. மூன்றுமே என் தாளில் இல்லை. மறுநாள் அவற்றையும் சேர்த்து எழுதி, இரண்டு பிரதியில் இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

இங்கே ஒரு தப்பு செய்தேன். அம்மாவிடம் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். அம்மாவுக்குப் பேச்சு குழறுமே தவிர எல்லாம் புரியும். அக்காவின் முகம் மாறியிருப்பதை அன்றைக்குச் சாயங்காலமே பார்த்துவிட்டு, "என்ன... என்ன" என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். அக்கா இரண்டு நாள் தலைவலி என்று சமாளித்தார். மூன்றாம் நாள் காலை அம்மா கஞ்சி குடிக்க மறுத்துவிட்டார். சமையலறையில் வந்து அக்கா என்னிடம், "என்னால அவங்க மூஞ்சியப் பாத்துப் பொய் சொல்ல முடியல தங்கச்சி" என்றார். நான் செய்ய வேண்டிய காரியத்தின் சுமையை அவர் தலையில் ஏற்றியிருந்தேன். அன்றைக்கே அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, அக்காவையும் வைத்துக்கொண்டு சொன்னேன். அம்மா அழுதார். பிறகு கஞ்சி குடித்தார். பார்த்துக்கொள்ளப்படுகிறவருக்கும் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும் என்பதை அந்த இரண்டு நாளில் கற்றேன்.

இனி கணக்கு. எங்கள் கணக்கை அப்படியே தருகிறேன்.

முதலாவது, ஏப்ரல் மாதச் சம்பளம். 20 நாள். மாதச் சம்பளம் விடுமுறை நாளுக்கும் சேர்த்துத்தான் என்பதால் 18,000-த்தை 30-ஆல் வகுத்து 20-ஆல் பெருக்கினேன்: 12,000 ரூபாய்.

இரண்டாவது, போகாத விடுமுறைகள். மாதம் இரண்டு ஞாயிறு என்பது பேச்சு. கடைசி ஒரு வருஷத்தில் அக்கா போகாத ஞாயிறுகள் எத்தனை? சமையலறைக் காலண்டரில் நான் வட்டம் போட்டு வைத்தபடி ஐந்து. அக்கா ஏழு என்றார். நான் காலண்டரைக் காட்டினேன். அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார்: அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து அடுத்தடுத்து இரண்டு ஞாயிறு, நான் பயிற்சிக்குச் சென்னை போயிருந்த வாரம், சித்தி வீட்டுக் கல்யாணம்... அந்தக் காய்ச்சல் வந்த ஞாயிறுகளில் ஒன்றையும் கல்யாணத்தையும் நான் குறிக்கவே இல்லை. அவர் போகாமல் இருந்த நாள் எனக்கு மற்ற நாள் மாதிரித்தானே? அவருக்குத்தான் அது பேரனைப் பார்க்காத நாள். ஏழு என்றே எழுதினேன். விடுமுறையில் செய்த வேலை என்பதால் இதற்கு 26-ஆல் வகுத்தேன், மாதத்தில் வேலை நாள் இருபத்தாறு என்ற வழக்கப்படி. ஒரு நாளுக்கு 692 ரூபாய் வந்தது; 700 என்று வைத்து, ஏழு நாளுக்கு 4,900 ரூபாய்.

மூன்றாவது, தீபாவளித் தொகை. போன தீபாவளி 2023 நவம்பர் 12. அதிலிருந்து ஐந்து மாதம் முடிந்திருந்தது. வருஷத்துக்கு ஒரு மாதச் சம்பளம் என்றால் ஐந்து மாதத்துக்கு 7,500 ரூபாய். தீபாவளிக்கு முன்பே போகிறார், அதனால் கிடையாது என்று சொல்வது எளிது. ஆனால் ஐந்து வருஷமாகத் தவறாமல் கொடுத்து வந்த ஒன்றை அவர் சம்பளத்தின் பகுதியாகத்தான் எண்ணியிருப்பார். நானும் வங்கியில் போனஸை அப்படித்தான் எண்ணுகிறேன்.

நான்காவதுதான் பெரியது: இத்தனை வருஷ வேலைக்கான தொகை. நிறுவனங்களில் இதைப் பணிக்கொடை, கிராஜுவிட்டி என்கிறோம். அந்தச் சட்டம் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்குத்தான். ஒரே ஒரு ஆளை வேலைக்கு வைத்திருக்கும் வீட்டை அது கட்டுப்படுத்தாது. ஆகவே கொடுக்காவிட்டாலும் யாரும் கேட்க முடியாது. ஆனால் எவ்வளவு கொடுப்பது நியாயம் என்று மனத்துக்குத் தோன்றிய தொகையைச் சொல்வதைவிட, எனக்கே நாளைக்கு வங்கியில் எந்தக் கணக்கில் தருவார்களோ அதே கணக்கில் கொடுப்பது என்று முடிவு செய்தேன். கடைசி மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் ஒரு வருஷத்துக்கான தொகை. ஆறு மாதத்துக்கு மேல் இருக்கும் மிச்சத்தை ஒரு முழு வருஷமாக எடுத்துக்கொள்வார்கள். அக்கா வேலை செய்தது நான்கு வருஷம் எட்டரை மாதம், ஆக ஐந்து. 51,923 ரூபாய் வந்தது. 52,000 என்று வைத்தேன்.

தம்பி இந்த இடத்தில்தான் தயங்கினான். "சட்டப்படி ஐந்து வருஷம் முழுசா முடிஞ்சாத்தானே கிராஜுவிட்டி?" என்று கேட்டான். பொதுவாக அப்படித்தான். நான் சொன்னேன், அந்த ஐந்து வருஷத்தை முடிக்கவிடாமல் செய்தது நம் மாற்றல், அக்கா இல்லை. பாதியை நான் போடுகிறேன், பாதியை நீ போடு என்றதும் சம்மதித்தான். எல்லோராலும் ஒரேயடியாக இவ்வளவு தர முடியாது என்பதும் தெரியும். முடியாதவர்கள் வருஷத்துக்கு ஒரு வாரச் சம்பளம் என்றாவது ஒரு கணக்கு வைத்து, அதையும் மார்ச் 5 போன்ற ஒரு நாளிலேயே சொல்லிவிடுவது நல்லது. வேலைக்கு ஒருவர் வந்த மாதத்திலிருந்தே மாதம் 900 ரூபாய் தனியாக எடுத்து வைத்திருந்தால் எங்களுக்கும் இந்தத் தொகை பாரமாக இருந்திருக்காது.

நாலும் சேர்த்து 76,400 ரூபாய். முன்பணத்தில் மார்ச் சம்பளம் வரை கழித்தது போக 12,000 பாக்கி. தம்பியும் நானும் அதைத் தள்ளிவிடலாம் என்றுதான் நினைத்தோம். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "வாங்குனது கடன். கழிச்சுக்குங்க. நாளைக்கு எங்கயும் பாத்தா நான் தலை நிமிந்து பேசணும்" என்றார். கழித்தோம். கைக்கு 64,400 ரூபாய். முக்கியம் என்னவென்றால், மகள் கேட்டதால் இந்தக் கழிவு மார்ச்சிலேயே பேசி முடிந்திருந்தது. கடைசி நாள் கவரைப் பிரிக்கும்போதுதான் ஒருவருக்குப் பன்னிரண்டாயிரம் குறைவது தெரிந்தால், மிச்சம் அறுபத்துநாலாயிரமும் கண்ணில் படாது.

தாளின் நடுவில் இருந்த அந்த இரண்டு வரிகளில் முதல் வரிக்குச் சோதனை ஏப்ரல் 3 அன்று வந்தது. தம்பி மனைவிக்கு 15-ஆம் தேதியிலிருந்துதான் ஒரு வாரம் விடுப்பு. அதனால் அம்மாவை 15-ஆம் தேதியே கூட்டிக்கொண்டு போகிறோம் என்று போன் செய்தான். கூடவே, "அப்ப அக்காவுக்கு 15 வரைக்கும்தானே சம்பளம்?" என்றான். தாளைப் படித்துக் காட்டினேன். "நாங்கள் முன்பே போகச் சொன்னாலும் அந்தத் தேதி வரையிலான சம்பளம்." ஐந்து நாளுக்கு 3,000 ரூபாய். எழுதியிருக்காவிட்டால் அந்த 3,000-க்காக நான் தம்பியோடு சண்டை போட்டிருக்க வேண்டும், அல்லது போடாமல் விட்டிருக்க வேண்டும். எழுதியிருந்ததால் பேச்சே இல்லாமல் முடிந்தது. அக்காவுக்கும் அது வசதியாகப் போயிற்று. 19-ஆம் தேதி நாடாளுமன்றத் தேர்தல், ஓட்டுப் போட ஊரில் இருக்க வேண்டும் என்று கேட்க நினைத்துக்கொண்டிருந்தாராம்.

தேர்தலால் இன்னொரு சிக்கல். நான் ரொக்கமாகக் கொடுப்பதாகத்தான் இருந்தேன். அப்போது தேர்தல் நடத்தை விதி அமலில் இருந்தது. 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கத்தை ஆவணம் இல்லாமல் கொண்டுபோனால் பறக்கும் படை பிடித்துவைத்துவிடும். சத்திரம் பேருந்து நிலையத்தில் முசிறி பஸ் ஏறிப் போகிற ஒருவர் பையில் அறுபத்துநாலாயிரத்தை வைத்து அனுப்ப முடியாது. சரி, வங்கிக் கணக்கில் போட்டுவிடுகிறேன் என்றேன். அக்கா தயங்கினார். இரண்டு தடவை கேட்ட பிறகுதான் சொன்னார்: அந்தக் கணக்கின் ஏடிஎம் கார்டு மகன் கையில் இருக்கிறது.

கணக்கில் போட்டால் வேலை முடிந்தது என்று நினைத்திருந்தேன். வங்கியில் வேலை பார்க்கிற எனக்கே, பணம் யார் பேரில் போகிறது என்பதும் யார் கைக்குப் போகிறது என்பதும் வேறு வேறு என்று தோன்றவில்லை. ஏப்ரல் 10 அன்று இருவரும் தபால் நிலையம் போனோம். பெண்களுக்கான மகிளா சம்மான் சேமிப்புப் பத்திரம் அப்போது இருந்தது. இரண்டு வருஷம், 7.5 சதவீத வட்டி. அந்தத் திட்டத்தில் புதிதாகச் சேர்வது 2025 மார்ச்சோடு நின்றுவிட்டது. அதில் 50,000 ரூபாயை அக்கா பேரில் போட்டோம். மிச்சம் 14,400 ரூபாயைக் கையில் கொடுத்தேன். அது மகனுக்குத் தெரிய வேண்டுமா இல்லையா என்பது அக்காவின் பாடு. நான் யாரிடமும் சொல்லவில்லை. எந்த வழியில், எந்தக் கணக்கில் வேண்டும் என்று தனியாக இருக்கும்போது ஒரு வார்த்தை கேட்டுவிடுவது எவ்வளவு முக்கியம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

கடைசி நாளுக்கு ஐந்து நாள் முன்பே பணத்தைக் கொடுத்ததில் ஒரு நன்மை. அக்கா ராத்திரி மகளோடு உட்கார்ந்து போனில் கணக்குப் போட்டுப் பார்த்து, சரி என்று சொன்ன பிறகுதான் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டார். கிளம்பும் நாள் அன்று பணப்பேச்சே இல்லை.

பொருட்களையும் அப்படித்தான் முன்கூட்டியே முடித்தோம். அம்மாவின் இரண்டு வளையல், பீரோ சாவி, வாசல் சாவி, மருந்துப் பெட்டி, ஆஸ்பத்திரி ஃபைல் எல்லாம் அக்கா பொறுப்பில் இருந்தவை. 8-ஆம் தேதி இருவருமாக உட்கார்ந்து ஒவ்வொன்றாக நான் வாங்கிக்கொண்டு, ஒரு தாளில் எழுதினோம். சேரும்போது நாங்கள் வாங்கி வைத்த அவருடைய ஆதார் நகலைத் திருப்பிக் கொடுத்தேன். 15-ஆம் தேதி காலை சித்தி என்னைத் தனியே கூப்பிட்டு, "எதுக்கும் பையை ஒரு தடவ பாத்துரு" என்றார். எல்லாம் ஒப்படைத்தாயிற்று சித்தி என்றேன். ஐந்து வருஷம் அம்மாவின் உடம்பை நம்பி ஒப்படைத்தவரின் பையைக் கடைசி நிமிஷத்தில் பிரிக்கச் சொல்வதைவிடப் பெரிய அவமானம் ஒன்று எனக்குத் தெரியவில்லை. சந்தேகம் வராமல் இருக்க வழி, ஒரு வாரம் முன்பே கணக்கு ஒப்படைப்பதுதான்.

வேலைச் சான்று ஒன்று எழுதிக் கொடுத்தேன். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, என்னென்ன வேலை, ஏன் முடிந்தது, என் போன் நம்பர். நல்லவர், நாணயமானவர் என்று எழுதுவதைவிட அவருக்கு என்ன தெரியும் என்று எழுதுவது பயன்படும்: படுக்கையில் இருப்பவரைத் திருப்புவது, படுக்கைப்புண் வராமல் பார்ப்பது, டயாப்பர் மாற்றுவது, சர்க்கரை அளவு பார்ப்பது, மாத்திரை நேரம் தவறாதது. தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கு 2007-இலிருந்து தனி நல வாரியம் இருக்கிறது. அக்கா அதில் பதிந்திருக்கவில்லை. நாங்களும் ஐந்து வருஷமாக அதை நினைக்கவில்லை. சான்றில் அதற்கும் பயன்படும்படி வேலை விவரத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த இரண்டு நாள் விடுப்பில் அவர் போய்ப் பார்த்த தில்லைநகர் வீட்டிலிருந்து என்னைக் கூப்பிட்டுப் பேசினார்கள். மே 2-ஆம் தேதியிலிருந்து அங்கே வேலை.

கிளம்பும் அன்று காலை அம்மா இடது கையால் வெற்றிலை பாக்குத் தட்டை எடுத்துக் கொடுத்தார். அதில் ஒரு புதுச்சேலை, அம்மாவே நிறம் சொல்லி வாங்கியது. அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. கொடுக்க வேண்டியதை எல்லாம் கொடுத்து முடித்திருந்ததால்தான் அந்தச் சேலை வெறும் சேலையாக இருந்தது. 2016-இன் கவர் அப்படி இல்லை. இந்தக் கணக்கையெல்லாம் போட்ட அன்று ராத்திரி, அப்பாவைப் பார்த்துக்கொண்ட அந்த அம்மாவுக்கும் இதேபோல் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். என்னிடம் இருந்த பழைய நம்பரில் இப்போது வேறு யாரோ பேசுகிறார்கள். லால்குடிப் பக்கம் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும்.

கோயம்புத்தூர் போன முதல் வாரத்தில் தம்பி அக்காவுக்குப் பதினோரு தடவை போன் செய்திருக்கிறான். அம்மாவுக்கு எந்தத் தலையணை, எந்தப் பக்கம் முதலில், ராத்திரி விளக்கு வேண்டுமா என்று. ஒரு தடவை ராத்திரி பதினொன்றரை மணிக்கு. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. மகள்தான் எனக்குச் செய்தி அனுப்பினாள். வேலை முடிந்துவிட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது நாம்தான், அப்புறம் நாமே அந்த வேலையைக் கேட்கக் கூடாது என்று தம்பியிடம் சொன்னேன். ஞாயிறு சாயங்காலம் ஒரு தடவை, அம்மா பேசுவதற்கு மட்டும் என்று வைத்துக்கொண்டோம்.

அவன் கேட்டதற்கெல்லாம் பதில் ஏற்கெனவே அவன் வீட்டில்தான் இருந்தது. ஏப்ரல் முதல் வாரத்தில் அக்கா சொல்லச் சொல்ல நான் எழுதிய நாற்பது பக்க நோட்டு, அம்மாவின் துணிப்பெட்டியில் அடியில் கிடந்திருக்கிறது. இப்போது அது புதிதாக வந்திருக்கும் பெண்ணின் கையில் இருக்கிறது. ஏழாம் பக்கத்தில் அக்காவின் பேச்சு அப்படியே: "வலது கையப் புடிச்சு இழுக்கக் கூடாது, தோள் வலிக்கும். மொதல்ல அந்தக் கையத் தூக்கி வயித்து மேல வெச்சுக்கணும். அப்புறம் 'அம்மா திருப்பப் போறேன்'னு சொல்லணும். அவங்க 'ம்'னு சொன்ன பிறகு திருப்பணும்."